மொமென்டம், வேல்யூ: செலவும் வரியும் போக நம்ம கைக்கு என்னதான் வருகிறது?

கரூர்_டெக்ஸ் | 16 பிப்ரவரி 2025, இரவு 9.40

கடந்த செப்டம்பரில் வங்கியில் இருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து, 2005-ல் இருந்து நிஃப்டி 50-ஐ அடித்து நொறுக்கிய இண்டெக்ஸ் என்று ஒரு வரைபடம் காட்டினார். நிஃப்டி 200 மொமென்டம் 30. மூன்று லட்சம் மொத்தமாகப் போட்டேன். இன்றைக்கு 2.19 லட்சம். அதே நாளில் சும்மா நிஃப்டி 50-ல் போட்டிருந்தால் 2.6 லட்சமாவது இருந்திருக்கும். "ஃபேக்டர்" என்று சொல்வதெல்லாம் வரைபடத்தில் மட்டும் வேலை செய்கிற சமாச்சாரமா? இதில் யாராவது நிஜமாகச் சம்பாதித்திருக்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள். யூடியூப் லிங்க் வேண்டாம்.

பழைய_எக்செல் | 17 பிப்ரவரி 2025, காலை 6.15

நான் சம்பாதித்தேன். அல்லது சம்பாதித்தேன் என்று ஐந்தே முக்கால் வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் வரைபடம்.

2005-ல் இருந்து கோடு ஓடுகிறது, சரி. ஆனால் அந்த இண்டெக்ஸ் வெளியானது 2020 ஆகஸ்டில். அதற்கு முந்தைய பதினைந்து வருடமும் பின்னோக்கிப் போட்ட கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்கூட அதன் வழியாகப் போய் வரவில்லை. வாங்கி விற்பதற்கான வரியான எஸ்டிடி கட்டவில்லை, வாங்கும்போது விலை ஏறவில்லை. அதற்காகப் பொய் என்று சொல்லவில்லை. செலவு போடாத கணக்கு, அவ்வளவுதான்.

இப்போது விழுந்ததற்குக் காரணம் எளிது. நிஃப்டி 200-க்குள் கடந்த ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும் நன்றாக ஏறிய, அதிலும் ஆட்டம் குறைவாக ஏறிய 30 பங்குகளை எடுத்துவைத்து, ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும் மாற்றுவார்கள். செப்டம்பரில் சந்தை திரும்பியபோது அதற்கு முன் அதிகம் ஏறியவைதான் உள்ளே உட்கார்ந்திருந்தன. அக்டோபரில் 8,000 ரூபாயைத் தாண்டிய ட்ரென்ட் இப்போது 5,000 பக்கம் கிடக்கிறது. விழ ஆரம்பித்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அடுத்த மாற்றம் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது அந்த விதியின் குணம், கோளாறு இல்லை. வாங்கியவர் அதைத் தெரிந்து வாங்கினாரா என்பதுதான் கேள்வி.

நீங்கள் வாங்கியது விற்பவருக்குக் கமிஷன் போகாத டைரக்ட் பிளானா, கமிஷன் போகிற ரெகுலரா?

திண்ணை_மாமா | 17 பிப்ரவரி 2025, காலை 11.02

வேல்யூ பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நான் இருபது ரூபாய்க்குக் கீழே இருக்கும் பங்கு மட்டும்தான் வாங்குவேன். கம்மி விலை, அதுதான் வேல்யூ. 3,000 ரூபாய் பங்கு ஒன்று வாங்குவதற்கு 150 பங்கு வாங்கலாமே? என்னிடம் ஒன்று 2 ரூபாய் 40 காசில் 10,000 பங்கு இருக்கிறது. விற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பழைய_எக்செல் | 17 பிப்ரவரி 2025, பகல் 1.30

மாமா, அது வேறு கணக்கு. இருபது ரூபாய் பங்கு விலை உயர்ந்ததாக இருக்கலாம், 3,000 ரூபாய் பங்கு மலிவாக இருக்கலாம். லாபத்துக்கும் புத்தக மதிப்புக்கும் எதிரே என்ன விலை என்று பார்ப்பதுதான் வேல்யூ. ஆனால் உங்கள் கடைசி வரியில்தான் இந்த இழையின் பாதி விஷயம் இருக்கிறது. விற்க ஆள் கிடைக்காததும் ஒரு செலவு.

கரூர்_டெக்ஸ் | 17 பிப்ரவரி 2025, இரவு 8.20

ரெகுலர். இப்போதுதான் ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். வருடச் செலவு, அதாவது எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, 0.9 சதவீதச் சொச்சம் என்று போட்டிருக்கிறது. அதே ஃபண்டின் டைரக்ட் 0.4 சொச்சம். என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை.

பழைய_எக்செல் | 18 பிப்ரவரி 2025, இரவு 10.50

இன்று உட்கார்ந்து கணக்காகவே எழுதிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் இருந்து 2024 டிசம்பர் வரை நானே கையால் மொமென்டம் ஓட்டினேன். நிஃப்டி 500-ல் இருந்து 20 பங்கு, ஒவ்வொன்றிலும் சம பணம், மாதம் முதல் வர்த்தக நாளில் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தி, முதல் 40-க்கு வெளியே போனதை விற்று மேலே வந்ததை வாங்குவது. சராசரியாக மாதம் ஐந்து பங்கு மாறும்.

பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குக்கு 50,000. மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு 60 விற்பனை, 60 வாங்கல். 30 லட்சத்துக்கு விற்கிறோம், 30 லட்சத்துக்கு வாங்குகிறோம். டெலிவரிக்கு எஸ்டிடி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். முத்திரைக் கட்டணம் வாங்கும்போது மட்டும் 0.015, அது 450. எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் 200 சொச்சம். டிமேட்டில் இருந்து விற்கும் ஒவ்வொரு முறையும் பதினைந்து ரூபாய் பக்கம், 60 தடவைக்கு 900 சொச்சம். என் புரோக்கர் டெலிவரிக்குத் தரகு வாங்குவதில்லை. கூட்டினால் 7,600. முதலில் 0.76 சதவீதம்தானே என்று சிரிப்பு வரும்.

சிரிக்கக்கூடாத செலவு ரசீதில் வராது. ஒரு மாதம் 3.10 மணிக்கு ஒரு மிட்கேப் பங்கு வாங்க உட்கார்ந்தேன். திரையில் வாங்குபவர் விலை 412.30, விற்பவர் விலை 413.90. எனக்கு 120 பங்கு வேண்டும். நடுவிலை 413.10-ல் லிமிட் போட்டுக் காத்திருந்தேன், வரவில்லை, 3.24-க்குப் பொறுமை போய் 413.90-க்கே எடுத்தேன். 80 காசு. ஒரு பக்கத்துக்கு 0.2 சதவீதம். 60 லட்சம் புரளலில் அது 12,000 ரூபாய். ஆக எல்லாச் செலவும் 19,600, பத்து லட்சத்தில் இரண்டு சதவீதம் பக்கம்.

அப்புறம் வரி. செலவுக்கு முன் 18 சதவீதம், அதாவது 1.80 லட்சம் வந்தது என்று வைப்போம். எதையும் ஒரு வருடம் வைத்திருப்பதில்லை, எல்லாம் குறுகிய கால லாபம். 15 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 26,000 பக்கம். கையில் 1.34 லட்சம். 18 என்பது 13.4 ஆகிவிட்டது.

ஆடிட்டர்_மகன் | 18 பிப்ரவரி 2025, இரவு 11.31

15 இல்லை, 20. 2024 ஜூலை 23-ல் இருந்து விற்றதற்கெல்லாம் 20. உங்கள் ஷீட் நிஜமாகவே பழைய எக்செல்தான். இன்னொன்று, இதை பிசினஸ் வருமானமாகக் காட்டினால் எஸ்டிடியையும் இண்டர்நெட் பில்லையும்கூடச் செலவில் கழிக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

பழைய_எக்செல் | 19 பிப்ரவரி 2025, காலை 6.40

20 சரி, என் தவறு. கடைசி ரிட்டர்னில் ஜூலைக்கு முன்னும் பின்னும் பிரித்துப் போட்டவனே நான்தான், இருந்தும் ஷீட்டின் அந்தக் கட்டத்தில் 15 அப்படியே கிடந்திருக்கிறது. திருத்திய கணக்கு: செஸ்ஸோடு 20.8, வரி 34,500 பக்கம். கையில் 1.26 லட்சத்தை ஒட்டி. 18 என்பது 12.6.

பிசினஸ் வருமானம் பாதி சரி. எஸ்டிடியைக் கழிக்கலாம், உண்மை. ஆனால் அப்போது லாபம் முழுக்க உங்கள் ஸ்லாப் விகிதத்துக்குப் போய்விடும். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவன் 6,000 ரூபாய் எஸ்டிடியைக் கழிக்க ஆசைப்பட்டு 20-ஐ 30 ஆக்கிக்கொள்வானா?

ஆடிட்டர்_மகன் | 19 பிப்ரவரி 2025, காலை 9.05

நான் வேறு வருமானம் இல்லாதவர்களை மனதில் வைத்துச் சொன்னேன்.

பழைய_எக்செல் | 19 பிப்ரவரி 2025, காலை 9.20

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நெய்வேலி_வாசகன் | 19 பிப்ரவரி 2025, இரவு 7.45

எக்செல் சாரின் கணக்கில் ஒரு விஷயம் பாக்கி. அவர் கையால் செய்கிற அதே புரளலை ஃபண்ட் உள்ளே செய்தால் வரி இல்லை. மியூச்சுவல் ஃபண்டின் வருமானத்துக்கு ஃபண்ட் அளவில் விலக்கு இருக்கிறது. ஜூனில் 15 பங்கு மாறட்டும், டிசம்பரில் 20 மாறட்டும், நீங்கள் யூனிட்டை விற்கிற நாள் வரை உங்களுக்கு வரி கிடையாது. ஒரு வருடம் தாண்டி விற்றால் 12.5 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் போக மீதிக்கு. ஆகவே இந்தியாவில் மொமென்டமுக்கு முதல் எதிரி எஸ்டிடியும் இல்லை, எக்ஸ்பென்ஸ் ரேஷியோவும் இல்லை. எந்தக் கூட்டில் வைத்திருக்கிறோம் என்பதுதான். வேல்யூவில் இந்த வித்தியாசம் குறைவு, ஏனென்றால் மலிவான பங்கு அடுத்த மாதமே மலிவில்லாமல் போய்விடாது, புரளல் குறைவு.

பத்து வருடத்துக்கு நான் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சம், இரண்டு பக்கமும் அதே 18. கையால் ஓட்டினால் வருடம் 12.6, பத்து வருடத்தில் 32.8 லட்சம், வரி எல்லாம் அவ்வப்போது கட்டியாயிற்று. ஃபண்ட் உள்ளே எல்லாச் செலவும் ஒரு சதவீதம் என்று தாராளமாகவே கழித்து 17 வைத்தால் 48 லட்சம், கடைசியில் ஒரே தடவை வரி கட்டிய பிறகு 43.3 லட்சம். பத்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசம், ஒரே உத்திக்கு.

18 என்பது உதாரணத்துக்குத்தான். அது வரும் என்று நான் சொல்லவில்லை.

பழைய_எக்செல் | 19 பிப்ரவரி 2025, இரவு 11.15

இதை 2019-ல் யாராவது சொல்லியிருக்கலாம். (2019-ல் மொமென்டம் 30 ஃபண்டே இல்லை, முதலாவது 2021 மார்ச்சில்தான் வந்தது என்பது வேறு விஷயம்.)

உங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டேன். என் 32.8 லட்சத்தை ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் எட்ட வேண்டுமென்றால் அது வருடம் எவ்வளவு தர வேண்டும்? 13.6, 13.7. அதாவது நான் மாதம் ஒரு மாலை உட்கார்ந்து 18 எடுத்தால், எதையும் தொடாமல் 13.7 வாங்கியவனுக்குச் சமம். நாலு சதவீதத்துக்கு மேல் கூடுதலாக எடுத்தால்தான் எனக்குக் கூலி ஆரம்பிக்கும்.

கரூர்_டெக்ஸ் | 20 பிப்ரவரி 2025, காலை 7.10

அப்போது நான் வாங்கியது சரியான கூடுதானே? பிறகு ஏன் 81,000 போயிற்று?

பழைய_எக்செல் | 20 பிப்ரவரி 2025, காலை 7.50

கூடு சரி. உள்ளே இருக்கிற பறவை இப்படித்தான் பறக்கும். ரெகுலர் பிளான் மட்டும் தேவையில்லாத அரை சதவீதம். அதைச் சரிசெய்ய மார்ச் 31-க்குள் ஒரு வழி இருக்கிறது. ரெகுலரை விற்றால் 81,000 குறுகிய கால நஷ்டம் பதிவாகும். அதை இந்த வருட மூலதன லாபத்தில் கழிக்கலாம், குறுகியதோ நீண்டதோ எதில் வேண்டுமானாலும். லாபம் இல்லையென்றால் எட்டு வருடம் எடுத்துக்கொண்டு போகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால். விற்ற பணத்தில் டைரக்டை வாங்குங்கள். எக்ஸிட் லோடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இதைச் செய்வதா, மொமென்டமே வேண்டாம் என்று வெளியேறுவதா என்பது வேறு. இரண்டையும் ஒரே நாளில் யோசிக்காதீர்கள். 81,000 போன கோபத்தில் எடுக்கிற முடிவு எப்படியும் தப்பாகத்தான் போகும், என்னைக் கேளுங்கள்.

நெய்வேலி_வாசகன் | 22 பிப்ரவரி 2025, இரவு 9.00

கரூர் தம்பியின் முதல் கேள்விக்கு, வரைபடத்தில் மட்டுமா என்பதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை. மொமென்டமை ஜெகதீஷும் டிட்மனும் 1993-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதே சமயத்தில்தான் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் வேல்யூவை நிறுவினார்கள். நம் நாட்டுத் தரவை ஐஐஎம் அகமதாபாத் இலவசமாகவே வைத்திருக்கிறது, யாரும் இறக்கிப் பார்க்கலாம். மொமென்டம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் மெக்லீன், பான்டிஃப் என்ற இருவர் 2016-ல் இப்படிப்பட்ட 97 உத்திகளை எடுத்து, கட்டுரை வெளியான பிறகு என்ன ஆயிற்று என்று அமெரிக்கப் பங்குகளில் பார்த்தார்கள். ஆதாயம் சராசரியாக 58 சதவீதம் சுருங்கியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த குளத்தில் மீன் குறைவு.

இன்னொன்று. கட்டுரையில் வருகிற ஆதாயம் ஏறியதை வாங்கி, விழுந்ததைக் கடன் வாங்கி விற்று, அதாவது ஷார்ட் செய்து, இரண்டின் வித்தியாசத்தை எடுப்பது. நம்ம ஃபண்டில் வாங்குகிற பாதிதான் இருக்கிறது. அதில் ஒரு நன்மையும் உண்டு. 2009 மார்ச்சில் இருந்து மே வரை அமெரிக்காவில் முந்தைய வருடம் அடிவாங்கிய பங்குகள் 163 சதவீதம் ஏறின, ஏறியிருந்தவை 8 சதவீதம்தான். ஷார்ட் செய்தவன் கதை அதோடு முடிந்தது. வாங்கி மட்டும் வைத்திருந்தவனுக்கு 8 வந்தது; பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வயிறு எரிந்திருப்பான், அவ்வளவுதான்.

டெல்டா_வாசி | 23 பிப்ரவரி 2025, பகல் 12.20

வேல்யூ பற்றி என் கதை. 2011-ல் பொதுத்துறை வங்கிப் பங்குகள் மூன்று வாங்கினேன். புத்தக மதிப்புக்குக் கீழே கிடைக்கிறது, டிவிடெண்டும் உண்டு, அரசாங்கம் பின்னால் இருக்கிறது. இன்னும் மலிவானது. இன்னும் வாங்கினேன். பாதிக்கும் பாதியானது. வாராக்கடன், மூலதனம் போடுவது, மறுபடி வாராக்கடன். 2020-ல் மகள் கல்யாணத்துக்கு முக்கால்வாசியை விற்றேன். அதன் பிறகுதான் ஏற ஆரம்பித்தது. நிஃப்டி பிஎஸ்யு பேங்க் இண்டெக்ஸ் 2010 நவம்பர் உச்சத்தை மறுபடி பார்க்க 2023 ஆயிற்று. வேல்யூ வேலை செய்தது. எனக்குச் செய்யவில்லை.

பழைய_எக்செல் | 23 பிப்ரவரி 2025, மாலை 5.45

டெல்டா சாரின் மலிவு மலிவே இல்லை என்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். புத்தக மதிப்பு என்று காட்டியதில் திரும்பி வராத கடனும் இருந்தது. அதைக் கழித்தால் பாதி விலை என்பது முழு விலையாக இருந்திருக்கும். வேல்யூ விதி அதைப் பார்க்காது, அதனிடம் இருப்பது அறிக்கையில் அச்சான எண் மட்டும்தான். அதனால்தான் விதிப்படி வாங்குகிறவர்கள் மூன்றை வாங்குவதில்லை, ஐம்பதை வாங்குகிறார்கள்.

ஐம்பது வாங்கினாலும் பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது. நிஃப்டி 50 வேல்யூ 20 என்று ஒன்று இருக்கிறது. உள்ளே திறந்தால் பல வருடமாக ஐடி கம்பெனிகள்தான் பெரிய பங்கு. ஏனென்றால் பெரிய ஐம்பதுக்குள்ளேயே தேடுகிறார்கள், மலிவோடு சேர்த்து மூலதனத்தின் மீதான வருவாயையும் மதிப்பெண்ணில் சேர்க்கிறார்கள். நிஃப்டி 500 வேல்யூ 50-ஐத் திறந்தால் உலோகம், எண்ணெய், மின்சாரம், பொதுத்துறை வங்கி. இரண்டுமே "வேல்யூ". 2020-க்குப் பிறகு இரண்டும் ஓடிய ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லை.

டெல்டா_வாசி | 23 பிப்ரவரி 2025, இரவு 8.10

வாராக்கடன் விஷயம் சரிதான். ஆனால் ஐம்பது வாங்கியிருந்தாலும் 2020-ல் கல்யாணம் 2020-ல்தான்.

பழைய_எக்செல் | 23 பிப்ரவரி 2025, இரவு 8.25

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய_எக்செல் | 2 மார்ச் 2025, காலை 10.30

முதல் பதிவில் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது.

ஐந்தே முக்கால் வருடம் முடிந்து போன டிசம்பரில் எல்லாவற்றையும் நிறுத்தியபோது, உண்மையாகவே என்ன கிடைத்தது என்று பார்க்க ஒரு நிழல் கணக்கு போட்டேன். புரோக்கருக்குப் பணம் அனுப்பிய ஒவ்வொரு தேதியையும் வங்கி ஸ்டேட்மெண்டில் இருந்து எடுத்து ஒரு பத்தியில், தொகையை மைனஸில் இன்னொரு பத்தியில். முன்பண வரி கட்டியதும் பணம் அனுப்பியதுதான், அதையும் அதே தேதியில் மைனஸில் போட்டேன். கடைசி வரியில் இன்றைய மதிப்பு. பிறகு, பணம் போட்ட தேதிகளைப் பார்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்கிற ஒரே சூத்திரம்:

```
=XIRR(C2:C71, A2:A71)
```

வந்தது 17.1. பக்கத்துப் பத்தியில் அதே தேதிகளில் அதே பணத்துக்கு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் யூனிட் வாங்கியதாகப் போட்டு, கடைசி நாளில் விற்று வரியும் கழித்தேன். 14.3. ஆக எனக்கு 2.8 சதவீதம் கூடுதல். வீட்டில் சொன்னேன். மாலை டிபன் கொஞ்சம் விசேஷமாக இருந்தது.

இதைச் செய்யாமல் புரோக்கர் செயலி காட்டுகிற லாபத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். செயலிக்கு வரி தெரியாது. விற்றுவிட்ட நஷ்டப் பங்குகள் முதல் பக்கத்தில் தெரிவதில்லை. 2022-ல் ஒரு சின்ன பங்கு ஒரு நாளில் விழக்கூடிய எல்லையான லோயர் சர்க்யூட்டில் மூன்று நாள் பூட்டிக்கொண்டது, ஐந்து ஐந்தாக மூன்று நாள், நாலாம் நாள்தான் விற்க முடிந்தது, 14 சதவீதம் போயிற்று. செயலியில் அதற்கு அடையாளமே இல்லை. என் ஷீட்டில் சிவப்பில் இருக்கிறது.

நெய்வேலி_வாசகன் | 2 மார்ச் 2025, பகல் 2.15

சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பங்கு எடுத்தது நிஃப்டி 500-ல் இருந்து, சம எடையில். அப்படியென்றால் 20-ல் பெரும்பாலானவை மிட்கேப்பும் ஸ்மால்கேப்பும்தான் இருந்திருக்கும். அதை நிஃப்டி 50-ஓடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? 2020-ல் இருந்து 2024 வரை மிட்கேப் என்ன ஏறியது என்று உங்களுக்கே தெரியும். பாதி நிஃப்டி 50, பாதி மிட்கேப் 150 என்று நிழல் போட்டுப் பாருங்கள்.

பழைய_எக்செல் | 2 மார்ச் 2025, இரவு 11.55

போட்டேன். வரி கழித்து 18-ஐத் தாண்டுகிறது.

பழைய_எக்செல் | 3 மார்ச் 2025, காலை 5.50

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். ஐந்தே முக்கால் வருடம், அறுபத்தொன்பது மாதம், ஒவ்வொரு மாதமும் முதல் நாள் அலுவலகத்தில் மூன்று மணிக்கு மேல் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுந்தது, சித்தப்பா காரியத்தன்று சத்திரத்து வாசலில் நின்று போனில் ஆர்டர் போட்டது, எல்லாவற்றுக்கும் கிடைத்தது, இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டை வாங்கிவிட்டு மறந்துபோனவனைவிட ஒரு சதவீதம் குறைவு.

மொமென்டம் வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. வரிக்கும் செலவுக்கும் முன் என்னுடையது 24 பக்கம் இருந்தது, கலவையைவிட அதிகம்தான். அந்த அதிகம் எனக்கு வரவில்லை. அரசாங்கத்துக்கும், எதிர்ப்பக்கம் 413.90-க்கு விற்ற ஆளுக்கும் போயிற்று.

ஆடிட்டர்_மகன் | 3 மார்ச் 2025, காலை 10.10

ஒரு ஆறுதல். நஷ்டப் பங்குகளை உடனுக்குடன் விற்பதால் அந்த நஷ்டம் லாபத்தில் கழிந்திருக்கும். உங்கள் உதாரணக் கணக்கில் மொத்த 18-க்கும் வரி போட்டீர்கள். வருடக் கடைசியில் கையில் இருக்கும் விற்காத லாபத்துக்கு அந்த வருடம் வரி இல்லையே.

பழைய_எக்செல் | 3 மார்ச் 2025, பகல் 1.40

நஷ்டம் கழிந்த பிறகு வந்த நிகர லாபம்தான் அந்த 18, அது சரியாகவே இருக்கிறது. இரண்டாவது நியாயம். நல்ல பங்கு ஏழெட்டு மாதம் தங்கும், சில ஒரு வருடம் தாண்டியும் தங்கியிருக்கின்றன, அவற்றுக்கு 12.5 தான். ஆக 12.6 என்றது 13-ஐ ஒட்டி வரலாம். ஆனால் பத்து வருடத்தில் ஃபண்டின் 43 லட்சத்தை எட்டாது.

கரூர்_டெக்ஸ் | 29 மார்ச் 2025, இரவு 9.15

ரெகுலரை விற்று நஷ்டத்தைப் பதிவு செய்தாயிற்று. வங்கிக்காரர் போன் செய்து ஏன் சார் என்றார். 0.9 என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. பணம் வந்ததும் டைரக்டில் மொமென்டம் 30-ல் ஒரு லட்சம், மீதி நிஃப்டி 50. ஒரு லட்சம் ஏன் என்று கேட்காதீர்கள், அது எவ்வளவு விழுந்தாலும் தூக்கம் வரும் என்று தோன்றிய தொகை.

ஒரு சந்தேகம். நெய்வேலி சார் ஃபண்ட் உள்ளே மொத்தச் செலவு ஒரு சதவீதம் என்று போட்டார். டைரக்ட் 0.4 தானே?

நெய்வேலி_வாசகன் | 30 மார்ச் 2025, காலை 8.30

எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்கு வெளியேயும் செலவு உண்டு தம்பி. ஃபண்டும் எஸ்டிடி கட்டுகிறது. இண்டெக்ஸில் எந்தப் பங்கு வெளியே, எது உள்ளே என்பது அமலுக்கு வரும் முன்பே அறிவிக்கப்படுகிறது, அதற்குள் சிலர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவார்கள். இண்டெக்ஸ் ஃபண்ட் மாற்ற நாளன்று அவர்களிடம் வாங்குகிறது. இதில் ஒரு பகுதி இண்டெக்ஸின் விலையிலேயே கலந்துவிடும், அதைத் தனியாகப் பார்க்க முடியாது. மீதியை டிராக்கிங் டிஃபரன்ஸ் என்று ஃபண்ட் நிறுவனமே தளத்தில் போட வேண்டும். டிவிடெண்டைச் சேர்த்த டிஆர்ஐ-யோடு ஒப்பிட்ட எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இண்டெக்ஸைத் தொடர்கிற ஃபண்டுகளுக்கு நடுவே அந்த எண்ணை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். நான் ஒன்று என்று வைத்தது பாதுகாப்புக்கு.

திண்ணை_மாமா | 8 ஏப்ரல் 2025, காலை 9.50

நேற்று சந்தை விழுந்ததில் என் 2 ரூபாய் 40 காசு பங்கு அசையவே இல்லை. எல்லோரும் என்னைக் கேலி செய்தீர்கள்.

பழைய_எக்செல் | 8 ஏப்ரல் 2025, காலை 10.05

மாமா, அதில் வர்த்தகம் நடந்ததா?

திண்ணை_மாமா | 8 ஏப்ரல் 2025, காலை 10.20

இல்லை.

பழைய_எக்செல் | 6 ஜூலை 2025, மாலை 6.30

ஜூன் மாற்றம் முடிந்தது. நிஃப்டி 50 பழைய உச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மொமென்டம் 30 இன்னும் கீழேயே நிற்கிறது. இது எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் மார்ச்சில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். கலவையைவிட ஒரு சதவீதம் குறைவு என்று புலம்பினேன். ஆனால் 2019-ல் நான் பாதிப் பணத்தை மிட்கேப் இண்டெக்ஸில் போட்டிருப்பேனா? 2020 மார்ச்சில் அது விழுந்த விழுகையில் வைத்திருந்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மார்ச்சில் நான் விற்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், மாத முதல் நாளில் ஷீட் சொல்வதை மட்டும் செய்வது என்று பழகியிருந்ததுதான். அப்படியானால் சரியான நிழல் எது, நிஃப்டி 50-ஆ, கலவையா, அல்லது 2020-ல் பயந்து விற்றிருக்கக்கூடிய நானா? நெய்வேலி சார் இதற்குக் கலவைதான் என்பார்.

நெய்வேலி_வாசகன் | 6 ஜூலை 2025, இரவு 8.00

கலவைதான்.

டெல்டா_வாசி | 6 ஜூலை 2025, இரவு 8.40

பயந்து விற்றிருக்கக்கூடிய ஆள்தான்.

கரூர்_டெக்ஸ் | 7 ஜூலை 2025, காலை 7.25

எக்செல் சார், அந்த ஷீட்டை எண்களை அழித்துவிட்டு வெறும் கட்டமாகப் பகிர முடியுமா? என்னுடைய ஒரு லட்சத்துக்கு முதல் வரியில் இருந்தே நிழல் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பழைய_எக்செல் | 7 ஜூலை 2025, இரவு 10.10

ஞாயிறு தருகிறேன். அதற்குள் வரி விகிதம் இருக்கிற கட்டத்தைத் திருத்திவைக்கிறேன், அதில் இன்னும் 15 தான் இருக்கிறது.